குசுவுக்குக் குறுநகை ஈடாகுமா?

கூட்டத்தைக் குறித்த நேரத்தில் தொடங்கிவிட்டு, என்னை மட்டும் கடைசியில் கூப்பிட்டிருக்கும் தலைவர் திருநாவுக்கரசு அவர்களே! முன்வரிசையில் முழங்கால் வலியை மறைத்து முறுவலோடு வீற்றிருக்கும் பெரியவர்களே! ரப்பர் மரத்தில் பால்வெட்டிய கையாலேயே பாலூட்டி, புல்வெட்டிய கையாலேயே பூத்தொடுத்து, இந்த மலாய் நாட்டு நெகிரி மண்ணில் எங்களையெல்லாம் ஆளாக்கிய தாய்மார்களே! செனாவாங் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்திருக்கும் பெண்பிள்ளைகளே! மோட்டாரை வாசலில் நிறுத்திவிட்டு, உள்ளே வரலாமா வேண்டாமா என்று எட்டிப் பார்க்கும் பையன்களே! எல்லாருக்கும் இந்தச் செல்லம்மாவின் இரண்டு கை வணக்கம். வாங்க தம்பி, வாங்க. நலங்குப் பாட்டுப் போட்டி பொம்பளைகள் சமாச்சாரம்தான். ஆனால் அதில் அடிவாங்குவது பாதிநாள் ஆம்பளைகள்தானே? வந்து உட்காருங்கள்!

நான் படித்தது தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது வரை. நாலாவது படிக்க விடாதவர் பெயரும் எனக்கு நினைவிருக்கிறது. இன்றைக்கு நல்ல நாள், அதைச் சொல்லவில்லை. படிப்புத்தான் குறைவு; ஞாபகம் குறைவில்லை. யார் என்ன சொன்னார், எந்த இடத்தில் நின்று சொன்னார், சொல்லும்போது என்ன சட்டை போட்டிருந்தார், எல்லாம் இங்கே இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், தலைவர் அவர்களே, இன்று காலை நீங்கள் எல்லார் கையிலும் கொடுத்த அச்சடித்த பாட்டை நான் மறக்கப்போவதில்லை!

என்ன பாட்டு அது? சம்பந்தி ஏசல். மாப்பிள்ளை வீட்டாரை உட்காரவைத்து, பெண்வீட்டுப் பெண்கள் கைதட்டிக் கேலிபாடும் பாட்டு. எங்கள் லிங்கிப் பக்கத்துத் தோட்டத்தில் நாங்கள் எப்படிப் பாடினோம்? கேளுங்கள்:

சட்டிபோல குண்டிக்காரி சம்பந்தியம்மா வாராளாம்
முட்டிமோதி மணவறையில் மூணுபாய் கேட்டாளாம்
கெட்டிமேளம் கொட்டும்போது குசுவொண்ணு விட்டாளாம்
தட்டெடுத்த தாய்மாமன் தலைதெறிக்க ஓட்டமாம்!

பார்த்தீர்களா? மூன்றாவது வரியிலேயே சிரித்துவிட்டீர்கள். நீலச் சேலை கட்டிய அம்மா, நீங்கள் வாயைப் பொத்தினாலும் தோள் குலுங்குகிறது! ஆனால் இந்தத் தாளில் என்ன அச்சடித்திருக்கிறார்கள்? 'சந்தனம்போல் மேனிக்காரி சம்பந்தியம்மா வாராளாம்.' சரி, இருக்கட்டும். அடுத்து? 'கெட்டிமேளம் கொட்டும்போது குறுநகை பூத்தாளாம். தட்டெடுத்த தாய்மாமன் தலைதெறிக்க ஓட்டமாம்!'

ஐயா! ஒரு பொம்பளை குறுநகை பூத்ததற்கா ஒரு ஆம்பளை தலைதெறிக்க ஓடுவான்? அப்படி என்ன பல் அவளுக்கு?

சிரியுங்கள், சிரியுங்கள். நான் சிரிக்க வரவில்லை. இந்தப் பாட்டின் சிரிப்பு தவறிப்போனதால் என் உடன்பிறந்த அக்காளின் கல்யாணம் நின்றது. அந்தச் சிரிப்பு திரும்பி வந்ததால்தான் அது நடந்தது. நின்றதும் பாட்டால், நடந்ததும் அதே பாட்டால். நடுவில் மாறியது என்ன? அதைச் சொல்லத்தான் இந்த ஒலிபெருக்கியைப் பிடித்திருக்கிறேன்.

அது அவசரகாலம். காட்டுக்குள் கம்யூனிஸ்டுத் துப்பாக்கி, ரோட்டில் வெள்ளைக்காரன் துப்பாக்கி, நடுவில் நாங்கள். நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி. பொழுது சாய்ந்தால் ஊரடங்கு. காட்டில் இருக்கிறவர்களுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று, பால்வெட்டப் போகிறவர்கள் ஒரு பிடி அரிசிகூட வெளியே கொண்டுபோகக் கூடாது. தினம் காலையில், துப்பாக்கிக்காரர் ஒருவர் காவல் நிற்கும் கேட்டில் வரிசை. ஆண்களை ஆண்கள் சோதிப்பார்கள். பெண்களைச் சோதிக்க ஆற்றங்கரையில் கம்பம் என்கிற மலாய்க் கிராமத்திலிருந்து ஒரு மலாய்க்காரப் பெண்பிள்ளை வருவாள். பெயர் லீமா. நாங்கள் காக் லீமா என்போம், அக்கா என்ற மரியாதைக்கு. மடியைத் தட்டுவாள், இடுப்பைத் தட்டுவாள், கொண்டையைக்கூடப் பிரித்துப் பார்ப்பாள். கை என்னவோ சட்டத்தின் கை. வாய் மட்டும் சந்தை வாய்!

என் அக்கா மயிலம்மாள். அவளைக் கேட்டு வந்த மாப்பிள்ளை நடேசன், எங்கள் தோட்டத்துப் பாலை ஏற்றிப்போகும் லோரி டிரைவர். மலாக்காச் செட்டி வம்சம். உங்களில் சிலருக்குத் தெரியும், தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அவர்களும் நம்மைப்போல மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள், திருநீறு பூசுகிறவர்கள். ஆனால் பல தலைமுறைக்கு முன்னமே வந்து ஊன்றியதால் வீட்டில் பேசுவது மலாய். பெண்கள் மேலே கெபாயாச் சட்டை போட்டு, கீழே சாரோங் கைலி கட்டுவார்கள். நடேசன் லோரி ஓட்டித் தோட்டம் தோட்டமாய்ச் சுற்றித் தமிழ் கற்றுக்கொண்டவர். அவர் தாயார் மீனாட்சிக்கு ஒரு சொல் தெரியாது. மாக் மீனாட்சி என்போம். மாக் என்றால் அம்மா.

பரிசம் போடும் நாள் வந்தது. மாக் மீனாட்சி வந்தார். பச்சைக் கெபாயா, கொண்டையில் மூன்று பொன் ஊசி, நடையில் ஒரு ராணி! வெற்றிலைத் தட்டு மாற்றினார்கள். சேலை வைத்தார்கள். உடனே எங்கள் பெண்கள் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் குரல் நன்றாக இருக்கும். இப்போது இருக்கிற இந்தக் கரகரப்பு அப்போது இல்லை. கையைத் தட்டி எடுத்தேன், 'சட்டிபோல குண்டிக்காரி...' லயமே அதிர்ந்தது. நம் பெண்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். மாக் மீனாட்சிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் கூடவே புன்னகைக்கிறார், பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து கேட்கிறார், "என்ன பாடுறாங்க?"

பக்கத்தில் இருந்தவர் யார்? என் தாய்மாமன் சன்னாசி! கோடுபோட்ட சட்டை, காதில் சுருட்டு. சந்தை மலாய் நாலு வார்த்தை தெரியும், அதில் நாற்பது வார்த்தை பெருமை. எழுந்து நின்றார், தொண்டையைச் செருமினார், கோர்ட்டில் சாட்சி சொல்வதுபோல் மலாயில் சொன்னார்: "உங்க பின்புறம் பானை மாதிரி பெருசுன்னு சொல்றா. உட்கார மூணு பாய் கேட்டீங்கன்னு சொல்றா. நீங்க குசு விட்டீங்கன்னு சொல்றா."

அத்தோடு நிறுத்திவிட்டார். கடைசி வரியை விட்டுவிட்டார்! ஏன்? அதில் ஓடுகிறவன் தாய்மாமன் அல்லவா? எந்த வீட்டுத் தாய்மாமனாக இருந்தால் என்ன, தாய்மாமன் ஓடுவதைத் தம் வாயால் சொல்வதா என்று அவருக்குக் கௌரவம்!

யோசித்துப் பாருங்கள், தாய்மார்களே. வார்த்தை எல்லாம் சரி. ஒரு பொய் இல்லை. ஆனால் சட்டி, முட்டி, கெட்டி, தட்டு என்று மணிபோல அடித்த எதுகை எங்கே? கைதட்டு எங்கே? 'விட்டாளாம்' என்பதில் இருக்கும் அந்த 'ஆம்' எங்கே? நாங்கள் கண்டோம் என்றா பாடினோம்? யாரோ சொன்னார்களாம் என்றுதானே பாடினோம்! ஓடுகிற ஆள் எங்கே? அவன் ஓடினால் பாதிச் சிரிப்பு அவன் பின்னால் போகும். அவனைத் தூக்கிவிட்டால் முழுச் சிரிப்பும் அந்த அம்மா தலையில் விழும். எலும்பை எல்லாம் உருவிவிட்டு, மிச்சத்தை ஒரு மனுஷியின் மடியில் போட்டார் என் மாமன்.

மாக் மீனாட்சி எழுந்தார். தம் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு லோரியில் ஏறிவிட்டார். என் அக்கா மஞ்சள் பூசிய முகத்தோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் பால் ஏற்ற வந்த நடேசன் என்னிடம் சொன்னார், "செல்லம், அம்மா இந்த ஞாயித்துக்கெழமை வர்றாங்க. உங்க வெத்தலத் தட்டைத் திருப்பிக் குடுக்க. வேலிக்கு உள்ள காலு வைக்க மாட்டேன்னுட்டாங்க. கேட்டுலயே குடுத்துட்டுப் போயிருவாங்களாம்."

தட்டு திரும்பினால் பரிசம் முறிந்தது. பரிசம் முறிந்த பெண்ணுக்கு அந்த நாளில் என்ன பெயர் வைப்பார்கள் என்று இங்கே இருக்கிற பெரியவர்களுக்குத் தெரியும். அக்கா சாப்பிடவில்லை. "எனக்கு அவருதான்டி. வேற எவன் வந்தாலும் நான் கழுத்த நீட்ட மாட்டேன்," என்று மட்டும் சொன்னாள். எங்கள் அம்மாவோ, "போய் மன்னிப்புக் கேளுங்க," என்று அழுதாள்.

எதற்கு மன்னிப்பு? பாடிய பாட்டில் தப்பில்லையே! பாட்டு அந்த அம்மாவிடம் போய்ச் சேரவே இல்லையே! போய்ச் சேர்ந்தது சன்னாசியின் சாட்சியம்! மன்னிப்புக் கேட்டால் 'ஆமாம், வைதோம்' என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். நான் முடிவுசெய்தேன்: அதே பாட்டு, அதே சூடு, அதே குறும்பு, அந்த அம்மாவின் காதுக்கு மலாயில் பாட்டாகவே போக வேண்டும்.

மறுநாள் காலை கேட்டில் காக் லீமா என் இடுப்பைத் தட்டும்போது, எனக்குத் தெரிந்த மலாயில் பாட்டின் அர்த்தத்தை வரிவரியாகச் சொன்னேன். அவள் கை நின்றது. "இது என்ன செல்லா, பாட்டா, போலீஸ் ரிப்போர்ட்டா?" என்றாள். நான் கதையைச் சொன்னேன். "அடுத்த ஆள்!" என்று துப்பாக்கிக்காரர் கத்தினார். "இவ கொண்டை பெருசா இருக்கு, நேரமாகும்லா!" என்று அவள் திருப்பிக் கத்தினாள்.

அன்றிலிருந்து எங்கள் வகுப்பறை அந்தக் கேட்டு. நேரம்? ஒரு பெண்ணைச் சோதிக்கிற நேரம். ஒவ்வொரு காலையிலும் என் கொண்டை பெரிதாகிக்கொண்டே போனது!

முதல் சண்டை எங்கே வந்தது தெரியுமா? குசுவில்! காக் லீமா மெல்ல, "புவாங் ஆங்ஙின்னு சொல்லுவோம். காற்று விடுவதுன்னு அர்த்தம். மரியாதையா இருக்கும்," என்றாள். நான் கேட்டேன், "காக், அது ஆஸ்பத்திரியில நர்ஸ் மிஸ்ஸி சொல்ற வார்த்தை. வயித்துவலிக்காரன்கிட்ட கேக்குற வார்த்தை. உங்க கம்பத்துப் பிள்ளைங்க ஒருத்தன ஒருத்தன் கேலிபண்ண என்ன சொல்லும்?" துப்பாக்கிக்காரரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, என் காதோரம் சொன்னாள்: "கெந்துட்."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அந்தச் சிரிப்புத்தான் எனக்கு உரைகல். சொன்னவளே சிரிக்கிற வார்த்தை வேண்டும். அதற்கு மேலே போனால் அசிங்கம். கீழே வந்தால் ஆஸ்பத்திரி. குண்டிக்கும் அப்படியே. மலாயில் புங்ஙோங் என்றால் மரியாதை, போந்தோட் என்றால் குறும்பு. இன்னொன்று இருக்கிறது, அதை அவள் காதில்கூடச் சொல்லவில்லை. உதட்டை மட்டும் அசைத்துக் காட்டினாள். அதைப் பாடியிருந்தால் தட்டு என்ன, தலையே உருண்டிருக்கும்!

இரண்டாவது சண்டை எதுகையில். நம் பாட்டில் மணி எங்கே கட்டியிருக்கிறது? தலையில். சட்டி, முட்டி, கெட்டி, தட்டு. வரி தொடங்கும்போதே அடிக்கும். வாலில் எல்லாம் 'ஆம், ஆம்' என்று இழுத்துவிட்டால் போதும். நான் அதேபோல மலாய் வார்த்தைகளைத் தலையில் அடுக்கிப் பாடிக் காட்டினேன். காக் லீமா முகத்தில் ஒரு அசைவு இல்லை. "எங்க காதுக்கு வால்ல மணி கட்டணும் செல்லா. எங்க பாட்டுக்கு 'பந்துன்' அப்படின்னு பேரு, அதுக்கு நாலு வரி. முதல் வரியும் மூணாவது வரியும் ஒரே மாதிரி முடியணும். ரெண்டாவதும் நாலாவதும் ஒரே மாதிரி முடியணும்."

சரி, கெந்துட் என்பது வாலில் வந்தால் அதற்கு ஜோடி வேண்டுமே? தேடினோம். எப்படித் தேடினோம்? அவள் என் வயிற்றைத் தட்டிக்கொண்டே, "பெருட், வயிறு," என்றாள். குனிந்து முழங்காலைத் தட்டி, "லுதுட்," என்றாள். வேலியோரப் புல்லைப் பார்த்து, "ரும்புட்!" என்று கத்தினாள். பின்னால் நின்ற பெண்கள், "என்னடி, உடம்புல என்னத்த ஒளிச்சு வெச்சிருக்க, இப்படித் தேடுறா?" என்று கேட்டார்கள். எதுகையைத் தேடுகிறாள் என்று எப்படிச் சொல்வேன்?

மூன்றாவது சண்டைதான் பெரிய சண்டை. சட்டிபோல குண்டியும் வேண்டும், மூன்று பாயும் வேண்டும், குசுவும் வேண்டும், ஓட்டமும் வேண்டும் என்கிறேன் நான். நாலு வரியில் கொள்ளாது என்கிறாள் அவள். பந்துனில் முதல் இரண்டு வரி சும்மா காட்சி. மரம், ஆறு, மீன் என்று எதையாவது காட்டும். விஷயம் பின் இரண்டு வரியில்தான். "அப்போ பாதிப் பாட்டு போச்சே!" என்று எனக்குக் கோபம். ஒரு காலை முழுக்க அவளோடு பேசவில்லை. கொண்டையையும் சின்னதாகவே முடிந்துகொண்டு போனேன்.

அடுத்த நாள் அவளே சொன்னாள். "பானையை முதல் வரியில வை. பாயை ரெண்டாவது வரியில வை. சும்மா காட்சிதானே? யாரும் கோபப்பட முடியாது. பானைன்னு பாடும்போது அந்தம்மாவை ஒரு பார்வை பாரு. சனங்க கணக்குப் போட்டுக்கும்."

ஐயா, அம்மா, அங்கேதான் எனக்குப் புத்தி திறந்தது! நம் பாட்டு வாயால் சொல்கிற குறும்பை, அவர்கள் பாட்டு கண்ணால் சொல்லும். குண்டி என்ற வார்த்தை போனது, குறும்பு போகவில்லை. ஒன்றை ஒளித்து, ஒன்றை உடைத்துச் சொன்னோம். எல்லாவற்றையும் ஒளித்தால் பஜனை. எல்லாவற்றையும் உடைத்தால் வம்பு!

இன்னும் இரண்டு நுணுக்கம் சொல்லிவிடுகிறேன். தலைவர் மணியைப் பார்க்கிறார், பார்க்கட்டும். நம் 'ஆம்' இருக்கிறதே, யாரோ சொன்னார்களாம் என்று பழியைத் தள்ளிவிடுகிற 'ஆம்', அதற்கு ஈடாக அவள் 'தெர்லெபாஸ்' என்று போட்டாள். தானாக நழுவிவிட்டது என்று அர்த்தம். விட்டாள் இல்லை, நழுவியது! பாவம், அந்த அம்மா என்ன செய்வார்? தலைதெறிக்க ஓடுவதற்கு 'லிந்தாங் புக்காங்' என்றாள். வாயில் போட்டுப் பாருங்கள்: லிந்தாங் புக்காங், லிந்தாங் புக்காங். கால் இடறி ஓடுகிற சத்தமே அதில் கேட்கிறதா இல்லையா?

மெட்டு மட்டும் மல்லுக்கு நின்றது. நம் மெட்டு வரி தொடங்கும்போது ஓங்கி அடித்து, முடியும்போது தணிந்துவிடும். மலாயின் மணியோ வாலில். தணிகிற இடத்தில் மணியைக் கட்டினால் யாருக்குக் கேட்கும்? புல்வெட்டும் வரிசையில் எங்கள் பெண்களோடு பாடிப் பாடி மாற்றினேன். தலையில் ஒரு தட்டு, வாலில் இரண்டு தட்டு. குரலை வாலில் தூக்க வேண்டும். கடைசியில் வந்து நின்றது இப்படி:

பெலாங்ஙா பெசார் டி தெப்பி ரும்புட்
திக்கார் தீகா டி ஆத்தாஸ் பாரா
மாக் பெங்ஙாந்தின் தெர்லெபாஸ் கெந்துட்
லிந்தாங் புக்காங் லாரி சவுடாரா!

புல்லோரம் பெரிய பானை; பரண்மேலே பாய் மூணு; மாப்பிள்ளை அம்மாவுக்கு நழுவிப்போச்சு குசு; விழுந்தடிச்சு ஓடினாங்க சொந்தக்காரங்க! சனிக்கிழமை காலை காக் லீமா அதை வாய்க்குள் பாடிப் பார்த்தாள். துப்பாக்கிக்காரர் வானத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவர் முதுகு குலுங்கியது. பாட்டு பாஸ்!

ஞாயிற்றுக்கிழமை வந்தது. லோரி வந்து கேட்டுக்கு வெளியே நின்றது. மாக் மீனாட்சி இறங்கினார். அதே பச்சைக் கெபாயா. முகம் மட்டும் கல். கையில் எங்கள் வெற்றிலைத் தட்டு. வேலிக்கு உள்ளே நாங்கள் முப்பது நாற்பது பெண்கள். எல்லாருக்கும் முன்னால் யார்? சன்னாசி மாமன்! தட்டை வாங்க இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, பெரிய மனுஷ முகம் வைத்துக்கொண்டு நிற்கிறார். அக்கா லயத்து வாசலில் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். தட்டு வேலியைத் தாண்டினால் அவள் வாழ்வு முடிந்தது.

தட்டு நீண்டது. நான் கையைத் தட்டினேன்.

"பெலாங்ஙா பெசார்..." என்று எடுத்து, அந்த அம்மாவின் கண்ணைப் பார்த்து, மெல்லக் கீழே பார்த்தேன். என்னால் மறக்க முடியாது: அந்த அம்மாவும் தம்மையறியாமல் குனிந்து பார்த்துக்கொண்டார்! இரண்டாவது வரியில் தட்டு நின்றது. மூன்றாவது வரியில் காக் லீமா முதல் ஆளாகச் சிரித்தாள். நாலாவது வரிக்கு எங்கள் பெண்கள் எல்லாரும் சேர்ந்து "லிந்தாங் புக்காங்!" என்று கால் உதைத்து, கையை நீட்டினார்கள். யாரைப் பார்த்து? முன்னால் தட்டு வாங்க நின்ற தாய்மாமனைப் பார்த்து! அவர் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், துப்பாக்கிக்காரர் சிரிப்பதைப் பார்த்தார், மேல்துண்டை அள்ளிக்கொண்டு ஓட்டம் பிடித்தார். பாட்டில் தாய்மாமனை ஓடவிடாதவர் நேரில் ஓடினார்!

தட்டை வாங்க ஆள் இல்லை. மாக் மீனாட்சி தட்டோடு நிற்கிறார். உதடு துடிக்கிறது. அழுகையா? கோபமா? நடேசன் கைவிரலைப் பிசைகிறார். அந்த அம்மா தட்டை இடுப்பில் வைத்துக்கொண்டார், கழுத்தை நிமிர்த்தினார், இழுத்து ஒரு குரல் எடுத்தார் பாருங்கள்:

பெர்கி கே லிங்கி நாயெக் கெரேத்தா
சிங்கா செகெஜாப் மெம்பெலி தூடோங்
சந்திக் சுங்குஹ் மெனாந்து கீத்தா
கெத்தாஹ்ஞா பூசோக், துத்துப்லாஹ் ஹீடோங்!

காக் லீமா தொடையில் அடித்துக்கொண்டு சிரிக்கிறாள், துப்பாக்கிக்காரரும் சிரிக்கிறார். ஆனால் எங்கள் பெண்கள்? ஒருவருக்கும் மலாய் பிடிபடாது. மரம்போல நிற்கிறார்கள். அம்மா என் முந்தானையை இழுக்கிறாள். "என்னடி சொல்றா அந்தம்மா? திட்டுறாளா?"

அந்த நேரம் பார்த்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். யார் குரல்? வேறு யார்! "நம்ம பொண்ணு மேல ரப்பர் நாத்தம் அடிக்குதாம்! மூக்கைப் பொத்திக்கணுமாம்!"

மறுபடியும் சாட்சியம்! எங்கள் பெண்களின் முகம் ஒவ்வொன்றாகச் சிவக்கிறது. "யாருக்குடி நாத்தம்?" என்று ஒருத்தி சேலையை இழுத்துச் செருகுகிறாள். ஒரு வாரத்து உழைப்பு ஒரு நொடியில் கவிழப்போகிறது. இனி கேட்டில் நின்று எதுகை தேட நேரமில்லை. காக் லீமாவுக்குத் தமிழ் தெரியாது. நான்தான், என் நாக்குத்தான்.

அந்த அம்மா என்ன பாடினார்? வண்டியேறி லிங்கி வந்தாராம். நடுவில் நின்று மூடி வாங்கினாராம். அதெல்லாம் காட்சி. விஷயம் எங்கே? 'மெனாந்து கீத்தா'. நம்ம மருமகள்! உங்கள் பெண் இல்லை, எங்கள் பெண் இல்லை, நம்ம மருமகள். சன்னாசி நாற்றத்தைத்தான் முகர்ந்தார். அதற்கு முன்னால் இருந்த அந்த வார்த்தையை விட்டுவிட்டார். மூடி எனக்கு வேண்டாம், கடையில் நின்றது வேண்டாம். அதைத் தூக்கிப் போட்டேன். நம்ம பெண் வேண்டும், நாற்றம் வேண்டும், மூக்கைப் பொத்த வேண்டும். மணியைத் திரும்ப வாலிலிருந்து அவிழ்த்துத் தலையில் கட்ட வேண்டும். ஆறு... ஆத்தை... நாத்தம்... கிடைத்தது! கையைத் தட்டினேன்:

ஆத்தைத்தாண்டி லோரியேறி அத்தைக்காரி வந்தாளாம்
பாத்தபொண்ணு நம்மபொண்ணு பவுனுபோல நின்னாளாம்
நாத்தம்புடிச்ச ஒட்டுப்பாலு நாலுகாதம் அடிச்சுதாம்
மூத்தமாமி மூக்கைப்பொத்தி முத்தமொண்ணு கொடுத்தாளாம்!

'நம்மபொண்ணு' என்றதும் சேலையைச் செருகியவள் கையை எடுத்தாள். மரத்தில் ஒட்டிக் காய்ந்த ரப்பர்ப்பால்தானே ஒட்டுப்பால்? அதைக் கேட்டதும் எல்லாரும் தங்கள் தங்கள் கையை முகர்ந்து பார்த்துச் சிரித்தார்கள். அது உண்மைதானே, எத்தனை சோப்பு போட்டாலும் போகாத நாற்றம்! நாலாவது வரிக்கு வேலியே அதிர்ந்தது.

நடேசன் தம் அம்மாவின் காதில் அதை மலாயில் சொன்னார். மாக் மீனாட்சி என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினார். "முத்தமா? நான் எங்கே முத்தம்னு பாடினேன்?"

"நீங்க பாடலை மாக். மெட்டுக்கு ஒரு வரி குறைஞ்சுது. நான்தான் போட்டேன்."

"மெட்டுக்காகவா?"

"மெட்டுக்காகத்தான் மாக்."

அந்த அம்மா தட்டை இடுப்பிலிருந்து எடுத்தார். பிறகு, "மெட்டு கெட்டுப்போகக் கூடாதில்லையா?" என்று சொல்லிக்கொண்டே, தட்டைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, கையை அகல விரித்துக் காக் லீமா முன்னால் போய் நின்றார். சோதிக்காமல் யாரும் உள்ளே வர முடியாதல்லவா? காக் லீமா சிரித்துக்கொண்டே தட்டித் தட்டிச் சோதித்தாள். பின்பக்கம் வந்ததும் "பெலாங்ஙா பெசார்!" என்று மெல்லச் சொன்னாள், முதுகில் ஒரு அடி வாங்கினாள்.

மாக் மீனாட்சி கேட்டைத் தாண்டினார். கூட்டம் விலகியது. லயத்து வாசலில் தூணைப் பிடித்து நின்ற என் அக்காவிடம் நேரே போனார். தட்டைத் திருப்பிக் கொடுப்பதாக இல்லை, மருமகளுக்கு வைக்கும் சீராக அவள் கையில் வைத்தார். ஒரு கையால் தம் மூக்கை இறுகப் பொத்திக்கொண்டு, மறுகையால் அவள் முகத்தை இழுத்து, நெற்றியில் ஒரு முத்தம் வைத்தார்!

ஆமாம், அழுங்கள், நாங்களும் அழுதோம். அழுதுகொண்டே சிரித்தோம். கல்யாணம் நடந்தது, ஊரடங்குக்கு முன்னால், பகல் வெளிச்சத்தில், பர்மிட் வாங்கி. சன்னாசி மாமன் வந்து முன்வரிசையில் உட்கார்ந்து மூன்று தடவை பாயசம் குடித்தார். அவர் போய்ச் சேர்ந்து பல காலம் ஆகிறது. நல்ல மனுஷர்தான் என்பார்கள். இருக்கலாம். நான் இன்னும் மன்னிக்கவில்லை.

என் அன்புப் பெண்பிள்ளைகளே! உங்களில் ஒருத்தி சீனப் பையனைக் கட்டுகிறாள், ஒருத்தி பஞ்சாபியைக் கட்டுகிறாள், ஒருத்தி வெள்ளைக்காரனைக் கூட்டிவந்து நிறுத்துகிறாள். நிறுத்துங்கள்! ஆனால் அவன் தாயைப் பாட்டில்லாமல் உட்காரவைக்காதீர்கள். அந்நியருக்கு நாம் மரியாதை கொடுப்போம், நாற்காலி கொடுப்போம், கலர்த் தண்ணீர் கொடுப்போம். கேலி யாருக்குக் கொடுப்போம்? உறவுக்கு மட்டும்! அந்தக் கேலியை அவர்கள் மொழிக்குக் கொண்டுபோங்கள். வார்த்தையை மட்டும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், அது வசவாகிவிடும். வார்த்தையைச் சலவை செய்தும் கொண்டுபோகாதீர்கள். அது வாழ்த்து மடலாகிவிடும். மணி தலையிலா வாலிலா என்று கேளுங்கள். எந்த வார்த்தைக்கு அந்த ஊர்ப் பிள்ளை சிரிக்கும் என்று கேளுங்கள். எதை ஒளிக்கலாம், எதை உடைக்கலாம் என்று அந்த மொழிக்காரி ஒருத்தியோடு சண்டை போடுங்கள். ஓடுகிறவனை ஓடவிடுங்கள்! ஒரு வரி குறைந்தால், பயப்படாதீர்கள், உங்கள் மனத்தில் என்ன நடக்க வேண்டுமோ அதை எழுதிப் போடுங்கள். பாட்டில் போட்டால் நடக்கும். நான் பார்த்திருக்கிறேன்!

இவ்வளவு நேரம் மணியடிக்காமல் பொறுத்த தலைவருக்கும், தூங்காமல் கேட்ட பெரியவர்களுக்கும், வாயைப் பொத்தாமல் சிரித்த தாய்மார்களுக்கும், உள்ளே வந்து உட்கார்ந்த பையன்களுக்கும் என் நன்றி. ஒலிபெருக்கிக்காரத் தம்பிக்குத் தனி நன்றி. நான் கத்திய கத்தலுக்கு உன் பெட்டி வெடிக்காமல் இருந்ததே பெரிது. பாடப்போகிற பிள்ளைகளே, மேடைக்கு வாருங்கள். நான் கீழே இறங்கி முன்வரிசையில் உட்காரப்போகிறேன். என்னைப் பார்த்துப் பாடுங்கள். என்னை நன்றாக ஏசுங்கள். வணக்கம்!